கூடப் போகிறவர்

இங்கிலாந்து மருத்துவமனையிலிருந்து வேலைக் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நர்ஸாக ஓடிக்கொண்டிருந்தவள் நான். ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை பிடிவாதமாக எழுதித் தேறினேன். அதெல்லாம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. "அவன் அங்க போயி என்ன பண்ணுவான்?" என்று தன் மகனைப் பற்றித்தான் மாமியார் கேட்டார்.

புவனகிரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார் என் கணவர். சுற்றுவட்டாரத்தில் எந்த பம்புசெட் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். அவருடைய அக்கா பி.எட். முடித்தவர். வளைகுடாவில் வேலை பார்த்த புருஷனோடு குடும்ப விசாவில் போனார். வேலை செய்யக் கூடாது என்று அந்த விசாவிலேயே எழுதியிருந்தது. ஆறு வருஷம் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பினார். எங்கள் குடும்பத்தில் 'டிபென்டென்ட்', அதாவது விசாவில் துணையாகக் கூடப் போகிறவர், என்றால் அதுதான் அர்த்தம்.

"பொண்டாட்டி விசாவுல போயி நான் வீட்டுல சும்மா ஒக்காரணுமா? நீ பாப்பாவ கூட்டிக்கினு போ. நான் இங்கயே இருக்கறேன்" என்றார் கணவர்.

சரி, பாப்பாவாவது என்னோடு வரட்டும் என்று எனக்கு வேலை கொடுத்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டேன். பதில் என் தலையில் கல்லைப் போட்டது. அப்பா, அம்மா இரண்டு பேரும் போனால்தான் பொதுவாகப் பிள்ளைக்கு விசா கிடைக்குமாம். ஒருவர் மட்டும் கூட்டிப் போவதென்றால், பிள்ளையின் முழுப் பொறுப்பும் அவருக்கு மட்டும்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். என் கணவர் வராவிட்டால் என் ஏழு வயதுப் பெண்ணும் வர முடியாது. அவளை விட்டுவிட்டுப் போவதற்கு நான் அந்தப் பரீட்சையை மூன்று முறை எழுதவில்லை.

சிதம்பரத்தில் ஓர் ஏஜெண்டிடம் இருவரும் போனோம். அவருக்கு இது தண்ணி பட்ட பாடு. "சார் பிரிஞ்சி இருக்காரு, கொழந்தைய கவனிக்கறதே இல்லன்னு ஒரு பேப்பர் ரெடி பண்ணிடலாம் மேடம்" என்றார்.

"அவ்ளோதானே? கையெழுத்து போட்டுடறேன்" என்றார் என் கணவர்.

எனக்கு வந்ததே கோபம். விறுவிறுவென்று வெளியே வந்து, வண்டி ஸ்டாண்டில் வைத்தே கேட்டேன். "எனக்குக் காலை டியூட்டின்னா அவளுக்குத் தல பின்னி உடறது யாரு மாமா? ஸ்கூல்ல கொண்டுபோயி உடறது யாரு? அந்தக் கையால கொழந்தைய கவனிக்கலன்னு எழுதிக் குடுப்பீங்களா? பொய்யின்னு தெரிஞ்சா விசாவும் போவும், என் வேலையும் போவும். ஆனா அதுக்காக மட்டும் நான் சொல்லல."

அவர் ஏஜெண்டிடம் திரும்பிப் போகாமல் வண்டியைக் கிளப்பினார்.

அன்றே அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மெயில் போட்டேன். என் கணவர் வந்தால் வேலை செய்யலாமா, கூடாதா என்று நேரடியாகக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எங்கள் எல்லோருக்கும் அக்காவின் ஜன்னலே கண்ணை மறைத்துவிட்டது. பதில் வந்ததும் போனை அவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். என் விசா இருக்கும்வரை அவர் எந்த வேலையும் செய்யலாம், தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. விளையாட்டு வீரராகவும் கோச்சாகவும் மட்டும் வேலை பார்க்கக் கூடாது.

"அப்ப கபடி ஆட முடியாதா?" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

மாமியார் மட்டும் விடவில்லை. "பொண்டாட்டி பேருல போறான்னு ஊரு சிரிக்காதா?"

"பத்து வருஷமா ரேஷன் கார்டுல அவுங்க பேருக்குக் கீழதான் அத்தை நான் இருக்கறேன். எனக்கு என்ன கொறஞ்சி போச்சு?" என்றேன். மாமியார் கீரை ஆயத் தொடங்கினார்.

 மூன்றாம் நாள் காலையில் கணவர், பாப்பாவுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே, "விசாவுக்கு எழுதிப் போட கடலூருக்கு எப்ப போவணும்?" என்று கேட்டார்.

கடலூரில் எங்களுக்குத் தெரிந்த பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மூன்று பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி என்னைப் பொறுப்பெடுத்து அனுப்பிய ஸ்பான்சர்ஷிப் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அங்கிருந்த ஆபரேட்டர் கடிதத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், முதல் விண்ணப்பதாரர் இடத்தில் என் கணவர் பெயரைத் தட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க ஸ்பான்சர் நம்பர் சொல்லுங்க."

நான் திருத்த வாயெடுத்தேன். கணவர் முந்திக்கொண்டார்.

"நம்பர் அவுங்களோடது. வேலை அவுங்களுக்குத்தான் கெடச்சிருக்குது. நான் அவுங்க கூடப் போறவன். என் பேர அழிச்சிட்டு அவுங்க பேர போடுங்க. என்னையும் பாப்பாவையும் அதுக்கப்புறம் போட்டுக்கலாம்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆபரேட்டர் என்னிடம் நம்பர் கேட்டார். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லியிருப்பேன், அவ்வளவு மனப்பாடம். அதற்குள் என் கணவரே கடிதத்தை எடுத்துப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.