வாளிக்குள் மூடிய கணக்கு

சித்தூர் மளிகைக்கடை கமாலின் மகள் ஃபர்ஸானா நர்ஸிங் மாணவி. உலகெங்கும் தாய்மார் பிரசவத்தில் சாவதைப் பற்றிய அசைன்மெண்டில், ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடாமல் நர்ஸ் அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

அன்று அவள் பயிற்சிக்கு நின்ற பிரசவ அறையில், பிள்ளை பெற்றவள் பயப்படுவாளென்று ஆயா நனைந்த துணிகளை உடனுக்குடன் வாளியில் போட்டு மூடினாள்.

“சாதாரணமா போற ரத்தந்தான்,” என்றார் சீனியர் நர்ஸ்.

பெற்றவளின் உதடு வெளுத்தது. ஃபர்ஸானா வாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள். குழந்தையை நிறுக்கும் தராசில் வாளியை வைத்து, கடையில் சாக்கு எடையைக் கழிப்பதுபோல் காலி வாளியின் எடையையும் உலர்துணியின் எடையையும் கழித்தாள்.

“எண்ணூறு கிராமுங்க சிஸ்டர். ஐந்நூறைத் தாண்டினாலே ஆபத்து.”

சீனியர் நர்ஸ் டாக்டரை அழைத்து, கர்ப்பப்பை சுருங்க அடிவயிற்றைத் தேய்த்து, ஊசி போட்டார். ரத்தம் நின்றது.

“இத்தனை வருசமா நான் மூடி வச்சதெல்லாம்...” என்றாள் ஆயா.

ஃபர்ஸானா எண்ணூறு என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள்.