ஞானப்பூ அடித்துவிட்ட பதினேழு

பரளச்சிக்குக் கிழக்கே மூன்று மைல் தள்ளி ஒரு காலனியில் ஞானப்பூ இருக்கிறாள். அவளைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை. ஒரே ஒரு முறை எழுத வேண்டிய அவசியம் வந்தது. அன்று பக்கத்தில் இருந்தவன் நான். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பத்தாவது பாஸ் செய்தவள். நர்ஸுக்குப் படிக்க ஆசைப்பட்டாள். அப்பா அவளைப் பதினெட்டு வயதில் ஜெபதுரைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஜெபதுரை அருப்புக்கோட்டையில் தறி நெய்தவன். நல்ல மனிதன், நெஞ்சுச் சளி உள்ளவன். அவன் வாரத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் வீட்டுக்கு வருவான். இவள் பருத்தி எடுக்கவும் மிளகாய் பழம் பறிக்கவும் போவாள். பிறகு கிறிஸ்தவச் சபை நடத்திய பால்வாடியில் உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கே கஞ்சி காய்ச்சி, மூக்குத் துடைத்துவிட்டு, மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் வேலை. நான் விவசாயக் கூலிச் சங்கத்துக்கு ஆள் சேர்க்க அந்தப் பக்கம் போனபோது முதலில் வந்து கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

தொண்ணூற்றொன்றில் மதுரைப் பக்கத்து அறக்கட்டளை ஒன்று கிராம சுகாதாரப் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. ஒரு வருடப் படிப்பு. தங்க இடம், சாப்பாடு, கையில் உதவித்தொகை. முடித்தால் பத்து ஊருக்கு மேற்பார்வையாளர் வேலை. பத்தாவது போதும், ஆனால் வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஞானப்பூவுக்கு அந்த மாசியோடு முப்பத்தைந்து. அடுத்த வருடம் விண்ணப்பம் போட வழியே கிடையாது.

விண்ணப்பத்தில் ஒரு தாளைக் காலியாக விட்டிருந்தார்கள். மேலே அச்சடித்திருந்தது: ‘உங்கள் ஊரில் நீங்கள் செய்த பணிகளில் மூன்றை மட்டும் எழுதவும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.’

அவள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். அருப்புக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் சங்க அறை. நோட்டில் நம்பர் போட்டு இருபது எழுதியிருந்தாள். ரேஷன் கடை வாரத்தில் மூன்று நாள் திறக்க வைத்தது. அடி பம்பு. பருத்தி எடுப்புக் கூலி. பதினொரு விதவைகளுக்குப் பென்ஷன் மனு. சாராயக் கடையை ஊருக்குள்ளிருந்து நகர்த்தியது. போலியோ சொட்டு மருந்துக்கு ஆள் கூட்டியது. இப்படி இருபது. அத்தனையையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தாள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதி எழுதி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நோட்டீஸ் என்பது பஸ் ஏறப் போகிறவன் படியில் கால் வைப்பதற்குள் படித்து முடிக்க வேண்டியது. இருபது கோரிக்கை போட்டால் ஒன்றும் மண்டையில் நிற்காது, மூன்று போட்டால் மூன்றும் நிற்கும். இதையெல்லாம் சரியாகத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

சங்கத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நானே எதையும் கோடு போட்டு அடிக்க மாட்டேன். சம்பந்தப்பட்ட ஆள் கையில் பேனாவைக் கொடுத்து அடிக்கச் சொல்வேன். அப்போதுதான் அது அவர்கள் முடிவு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அன்றும் சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.

சின்னச் சின்னதை முதலில் எடுத்துவிடச் சொன்னேன். அடித்தாள். ஒரே மாதிரி இருப்பதில் ஒன்றை மட்டும் வைக்கச் சொன்னேன். அதையும் அடித்தாள். சாட்சிக்குத் தாள் இல்லாதது வேண்டாம் என்றேன். நகல் வைக்காத பென்ஷன் மனு போயிற்று, சாராயக் கடை போயிற்று. கடைசியில் நான்கு நின்றது. ரேஷன் கடை, பம்பு, கூலி, அப்புறம் பதினாலாவது.

பதினாலாவது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

அவள் ஊரில் ஒரு கோடையில் மூன்று கைப்பிள்ளைகள் செத்துப் போயின. மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப் போனவை. தாய்களுக்கே தெரியாமல் வற்றின, ஏனென்றால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. மாதம் ஒரு தடவை எடை போட்டால் தெரியும் என்று ஞானப்பூ எங்கோ படித்திருந்தாள். ஆனால் எங்கள் பக்கம் பிள்ளையைத் தராசில் வைக்க விட மாட்டார்கள். பருத்தியை நிறுக்கலாம், கறியை நிறுக்கலாம், பிள்ளையை நிறுத்தால் கண் பட்டுவிடும். நர்ஸம்மா கொண்டு வந்த தராசைப் பார்த்தே கதவைச் சாத்தியவர்கள் உண்டு.

இவள் என்ன செய்தாள் என்றால், பருத்தி வியாபாரி சோணைமுத்துவிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி வேப்பமரத்தில் கட்டினாள். சேலையில் தூளி போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து, ஒரு துணியில் உப்பும் வர மிளகாயும் முடிந்து, பிள்ளையோடு தூளியில் வைத்தாள். நிறுத்து முடிந்ததும் அந்த முடிச்சை எடுத்துப் பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். நிறுக்கிறபோது பட்ட கண் அங்கேயே எரிந்து போயிற்று. தாய்கள் தாங்களாகவே வரிசையில் வந்தார்கள். முடிச்சு எப்போதும் இருநூறு கிராம். அதையும் தூளியின் எடையையும் கழித்துவிட்டு வேறொரு நோட்டில் எழுதுவாள். இரண்டு மாதம் எடை ஏறாத பிள்ளைக்கு வேர்க்கடலை அரைத்துப் போட்ட கம்பங்கஞ்சி. அதற்கும் ஏறவில்லை என்றால் தாயையும் பிள்ளையையும் பஸ் ஏற்றித் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவாள். நான்கு வருடத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள். செத்தது ஒன்று, அதுவும் பாம்பு கடித்து.

அத்தனை எடையும் தேதியோடு அவளிடம் இருந்தது. தாள் சாட்சி என்றால் இருபதில் அதற்குத்தான் கனமான சாட்சி.

ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று நோட்டீஸ் கொடுத்தவன் நான். சங்கத்துப் பெண் மிளகாய் சுற்றிப் போட்டாள் என்று என் மேஜையிலிருந்து ஒரு தாள் போவதா? டாக்டர்கள் சிரிப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் சபைப் போதகரான ஐயரும் ஏற்கெனவே அதற்காக அவளைக் கடிந்திருந்தார். அதையும் ஞாபகப்படுத்தினேன்.

அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“பதினாலையுமாண்ணே?”

நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதும் எங்கள் தொழிலில் ஒரு வித்தை. எதிராளி தானாக வந்து சேரும்வரை இருப்பது.

“அது நானா யோசிச்சுச் செஞ்சதுண்ணே. மத்ததெல்லாம் எல்லாரும் சேந்து செஞ்சது.”

“ஞானப்பூ, ரேஷன் கடையினால எத்தனை குடும்பத்துக்கு லாபம்? நானூறு. இது எத்தனை? அறுபது. எது பெருசு?”

அவள் குனிந்து கோடு போட்டாள்.

மீதி மூன்றையும் நான் சொல்லச் சொல்ல நல்ல தாளில் எழுதினாள். நேர்காணலுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தேன். தாளில் இருப்பதை மட்டும் பேசு, இல்லாததை எடுத்தால் குழப்பம் வரும் என்றேன்.

நேர்காணலில் நடந்ததை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாடிக்கு வந்து சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம், நடுவில் ஒரு டாக்டரம்மா. ரேஷன் கடை விஷயத்தில் உன் பங்கு என்ன என்று கேட்டாராம். மறியலில் உட்கார்ந்தேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். மனு எழுதியது யார்? சங்கத்து அண்ணன். பம்பு? அதுவும் அவர்தான், நான் கையெழுத்து வாங்கினேன். கூலி? ஊரே நின்றது. பொய் சொல்ல அவளுக்கு வராது. கடைசியில் டாக்டரம்மா, நீயாக ஏதாவது செய்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்.

“என்ன சொன்ன?”

“தாளுல இருக்கது அம்புட்டுத்தான்னு சொன்னேன்.”

சரியாத்தான் சொல்லியிருக்கே என்றேன்.

கார்டு வந்தது. இடம் இல்லை, அச்சடித்த நான்கு வரி. அவள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பருத்தி எடுக்கப் போனாள்.

நோட்டீஸ் எழுதுகிறவனுக்கு முதல் விதி, படிக்கிறவன் யார் என்று பார்ப்பது. படிக்கப் போவது டாக்டர்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற ஆள் தேடுகிறவர்கள். நான் எழுத வைத்தது எங்கள் சங்க மாநாட்டுக்குப் படிக்க வேண்டிய தாள். மூன்று என்றது சரி, அடிக்கச் சொன்னது சரி. எது நிற்க வேண்டும் என்பதில் தவறினேன். அந்த மூன்றிலும் அவளைவிட நான்தான் அதிகம் இருந்தேன். இது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் பக்கத்துக்கு மேற்பார்வையாளராக ஜெப ஷீலா என்ற பெண் வந்தாள். அதே பயிற்சி, அதே வருடத்து ஆள், இருபத்து நாலு வயது. நல்ல பெண். புதுத் தராசும் அட்டைகளும் கொண்டு வந்தாள். இரண்டு மாதம் எந்தத் தாயும் பிள்ளையைத் தரவில்லை. ஞானப்பூதான் அவளை வெள்ளிக்கிழமை வரச் சொல்லி வேப்பமரத்தடியில் உப்பு முடிச்சைக் காட்டினாள். கூலி விஷயமாகப் போன நானும் அங்கே இருந்தேன்.

முப்பது பிள்ளை நிறுத்து முடிகிற வரை ஷீலா ஒவ்வொரு எடையையும் தன் அட்டைகளில் குறித்துக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள்.

“அக்கா, நீங்களும் அந்த வருசம் அப்ளை பண்ணுனீகளாமே. இதை ஏன் எழுதல? தாய்மார எப்படி நிறுக்க வரவைக்கிறதுன்னு டாக்டரம்மா எங்கள வாராவாரம் கேப்பாங்க. வருசம் முடியிற வரைக்கும் ஒருத்திக்கும் சொல்லத் தெரியல.”

ஞானப்பூ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

“எழுதத்தான் செஞ்சேன். பக்கம் பத்தல” என்றாள்.

ஷீலா உடனே அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டாள். வயது தாண்டிவிட்டது, விதியைத் தளர்த்த முடியாது என்று பதில் வந்தது. நிறுக்கிற முறையை மட்டும் விவரமாக எழுதி அனுப்பச் சொன்னார்கள், மற்ற ஊர்களுக்குப் பயன்படும் என்று. அதற்காக ஞானப்பூ ஒருநாள் ஷீலாவோடு மாடிக்கு வந்து, இருபதையும் எழுதிய அந்தப் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அன்று அவள் விட்டுப் போனது நோட்டீஸ் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது.

தூசி தட்டி ஷீலா கையில் கொடுத்தேன். பதினேழு சிவப்புக் கோடு. பதினாறு வரிகளை ஞானப்பூ என் சொல்லுக்கு அழுத்தி அழுத்தி அடித்திருந்தாள், எழுத்தே தெரியவில்லை. பதினாலாவதின் மேல் மட்டும் முடி போல ஒரு கோடு. ஷீலா அதை ஒரு இடத்திலும் தடுமாறாமல் கடைசிவரை சத்தமாகப் படித்தாள்.

அந்தக் கோடு விழுந்தபோது நான் ஞானப்பூவுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.