லேபிள் சரியாகத்தான் இருந்தது

கறம்பக்குடியில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை லியோனுடையது. ஆவூர்க்காரர், கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். ஆன்லைனில் மலிவாகப் பொருள் தேடுகிற எல்லோரும் அவருக்குத்தான் போட்டோ அனுப்புவார்கள். பார்த்துச் சொல்ல அவர் காசு வாங்கியதில்லை. அதனாலேயே அவர் பேச்சுக்கு மரியாதையும் இல்லை.

ஒருமுறை 1050 டிஐ என்று லேபிள் ஒட்டிய கிராபிக்ஸ் கார்டின் படம் வந்தது. "இந்த சிப்பு பழைய மானிட்டருக்கான விஜிஏவே குடுக்காதுங்க. அப்புறம் எதுக்கு நீலக் கலர்ல விஜிஏ போர்ட்?" என்றார். சூடு தணிக்க மேலே மாட்டியிருக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றி சிப்பின் எழுத்தைப் படமெடுக்கச் சொன்னார். அசலில் 'ஜிபி' என்றிருக்கும்; இதில் 'ஜிஎஃப்' என்று தொடங்கியது. பல தலைமுறை பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஏற்றியிருந்தான் விற்கிற படுபாவி. கேட்டவரோ, "நீங்க எதைத்தான் ஒரிஜினல்னு சொல்லியிருக்கீங்க?" என்று அதையே வாங்கிப்போனார்.

லியோனுக்குக் கோபம் வந்தால் எழுதுவார். பேஸ்புக் குழுவில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.களில் போலிகளின் படங்களைப் போட்டு, குறைகளைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினார்: மங்கிய சின்ன எழுத்து, கோணல் லேபிள், எல்லாவற்றிலும் ஒரே சீரியல் நம்பர். விற்கிறவனும் அதைப் படித்திருக்கிறான். சில மாதங்களில் வந்த போலிகளில் எழுத்து பளிச்சென்று இருந்தது, சீரியல் நம்பரும் தனித்தனி. திருடனுக்குச் சம்பளமில்லாமல் பிழை திருத்திக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

கீரமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற சரண்யா, வெளியே மாட்டுகிற எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி லியோனுக்குப் படம் அனுப்பினாள். கொள்ளளவு இரண்டு டிபி என்று போட்டிருந்தது.

"கழட்டி போர்டைப் படம் எடுத்து அனுப்புங்க. லேபிளை வச்சுச் சொல்ல முடியாது."

"ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போயிரும்ணே. நீங்க எழுதுன குறை ஒண்ணுகூட இதுல இல்லையே!"

தான் வீடியோ எடுத்த அமுதவல்லி என்ற பெண்ணின் கல்யாணத்தை அதில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டுகளை அழித்துவிட்டாள். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அமுதவல்லியின் அம்மா இறந்துபோனார். வீடியோவைத் திறந்தபோது காலை முகூர்த்தம் ஓடவில்லை.

லியோன் கழற்றிப் பார்த்தார். பெரிய பெட்டிக்குள் விரலளவு போர்டு, பசை போட்டு ஒட்டிய மெமரி கார்டு. அந்தக் கார்டின் சின்ன இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போயிருக்கிறது. கோப்புகளின் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது.

"முன்னாடியே அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்று சரண்யா அவரிடமே எரிந்து விழுந்தாள். அவர் மிஞ்சியதை மீட்டார். கடைசியாக ஏற்றிய ராத்திரி விருந்து மட்டும் கிடைத்தது.

அமுதவல்லி லியோன் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் யார்யாரோ சாப்பிட்டார்கள்.

"அம்மாவுக்கு முடியலைன்னு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிட்டோம்ணே," என்றாள்.

சொல்லிவிட்டும், பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.