செத்த வீட்டுக்கு ஒரு மடிக்கணினி

வின்சன்டும் அவருடைய மகள் அஞ்சலினாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு இணையத்தில் பழைய மடிக்கணினி தேடியது. அது ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். வின்சன்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியை மூக்கோடு வைத்துப் படங்களைப் பார்த்தார். அஞ்சலினா எழுத்தைப் பார்த்தாள். வங்கிக் கிளைகளின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது அவளுடைய தொழில். விளம்பரப் படங்களில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

வின்சன்டுக்கு அறுபத்து மூன்று வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்வேலையில் முப்பத்தொரு வருடம் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை, செத்த வீடுகளை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரடியாகக் காட்டுவது. ஊரடங்கு வருடத்தில் அவருடைய அக்கா இறந்தபோது, பாரிஸில் இருந்த மருமக்களுக்காகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் ஆடியதாம். அடுத்த மாதமே ஒரு கமராவும் முக்காலியும் வாங்கினார். பிறகு பாலையூற்றிலும் நகரத்திலும் கிறிஸ்தவர் வீட்டில் சாவென்றால் பாதருக்குச் சொன்ன கையோடு வின்சன்டுக்கும் சொல்வார்கள்.

அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அழுகிறவர்களின் முகத்தைக் காட்டமாட்டார். பெட்டி குழிக்குள் இறங்குவதையும், ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போடுவதையும் மட்டும் ஒரு நொடியும் விடாமல் காட்டுவார். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு மண் போட ஏலாது, மற்றவர்கள் போடுவதையாவது அது பார்க்கவேண்டும் என்பார்.

புதைக்கிற சேமக்காலையில் மின்சாரம் இல்லை. கோயில் வாசலைத் தாண்டினால் எல்லாம் பற்றறியில்தான் ஓடவேண்டும். பழைய மடிக்கணினி போன மாதம் அடியோடு செத்துவிட்டது. அதனால்தான் இந்தத் தேடல்.

அஞ்சலினா இரண்டைத் தெரிந்தெடுத்தாள். இரண்டும் ஒரே கடையில், ஒரே மாதிரி இயந்திரங்கள். ஒன்று பி தரம், மூடியில் நீளமாக ஒரு கீறல், ஆனால் பற்றறி புதிது. மற்றது ஏ தரம், கண்ணாடி போல இருந்தது. பற்றறியைப் பற்றி "பரிசோதிக்கப்பட்டது" என்று மட்டும் போட்டிருந்தார்கள். உத்தரவாதம் ஆறு மாதம், பற்றறிக்கும் சார்ஜருக்கும் ஒரு மாதம். ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அடியில் ஒட்டியிருக்கிற முத்திரை கிழியக்கூடாது. கடையைப் பற்றிய குறைகளை மட்டும் தேடி வாசித்தாள். பதினொரு குறை இருந்தது. ஒன்பதுக்குக் கடைக்காரர் பெயரோடு பதில் எழுதியிருந்தார், மாற்றிக் கொடுத்திருந்தார். பரவாயில்லை என்றாள்.

வின்சன்ட் கீறலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இந்தக் கீறலோட நான் செத்த வீட்டுக்குப் போகேலாது பிள்ளை. பெட்டிக்குப் பக்கத்தில வைக்கிற சாமான். சனம் என்ன நினைக்கும்?"

"செத்த ஆள் மூடியைப் பாக்கப்போறாரோ?"

"மற்றாக்கள் பாப்பினம். வெள்ளை உடுப்போட வாற இடம் அது."

"ஏ, பி எண்டுறது தோல் மட்டும்தான் அப்பா. உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு அந்த எழுத்து சொல்லாது. பற்றறி அறிக்கையைக் கேளுங்கோ. புதுசில எவ்வளவு பிடிச்சது, இப்ப எவ்வளவு பிடிக்குது. ரெண்டு எண். எண்பது வீதத்துக்குக் கீழ எண்டால் வேண்டாம். அந்த அறிக்கையின்ர தொடரிலக்கமும் அடியில ஒட்டியிருக்கிறதும் ஒண்டாய் இருக்கவேணும்."

"ஓம்," என்றார் வின்சன்ட்.

அந்த "ஓம்" அவளுக்குப் பழக்கமானது. கேட்டது மாதிரியும் இருக்கும், கேளாதது மாதிரியும் இருக்கும். வேலை முடிக்கவேண்டிய அவசரத்தில் அவள் எழும்பிப் போனாள். விருப்பமானதை வாங்குங்கோ என்றும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். அவருடைய மனைவி இன்பமலர் தண்ணீரோடு வந்தபோது அவரில் உயிர் இல்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதெல்லாம் ஒரு சடங்குக்குத்தான்.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் டினேஷின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வெளியேறினால் திரும்ப உள்ளே போக ஏலாது. தொலைபேசியில் அவன் ஒன்றுதான் கேட்டான். "அக்கா, அப்பா மற்றாக்களுக்குக் காட்டின மாதிரி எனக்குக் காட்டுவியோ?" காட்டுவேன் என்றாள்.

எதால் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கமரா இருந்தது, மடிக்கணினி இல்லை. திங்கட்கிழமை காலை, பெட்டியைச் சுற்றிச் சனம் நிற்க, வின்சன்டின் கைப்பேசி அடித்தது. அலுமாரிக்கு மேல் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். அஞ்சலினா எடுத்தாள். வின்சன்ட் ஐயாவுக்குப் பார்சல், ஐயா வீட்டில் நிற்கிறாரோ என்று ஒருவன் கேட்டான். வீட்டில்தான் நிற்கிறார் என்று அவள் வாய் சொன்னது. சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் அவளே பார்சலை வாங்கினாள்.

பார்சலைப் பிரித்தபோது ஏ தரம். ஒரு கீறல் இல்லை. சொன்னதைக் கேட்கவில்லை என்று பெட்டிக்குள் கிடந்த மனிதரிடம் அவளுக்குக் கோபம் வந்தது. சார்ஜரைச் செருகி வைத்தாள். ஒரு மணித்தியாலத்தில் நூறு வீதம் காட்டியது.

இங்கேதான் அவள் பிழைவிட்டாள். நூறு வீதம் என்பது பற்றறியில் மிச்சம் இருக்கிற கொள்ளளவில் நூறு வீதம். பழசாகிச் சுருங்கிய வயிறும் நிரம்பினால் நிரம்பினதுதான். அதை அவள் எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். அறிக்கையை எடுக்க ஒரு கட்டளை போதும், ஒரு நிமிடமும் ஆகாது. அந்த நிமிடத்தில் யாரோ பூ எங்கே என்று கேட்டார்கள். அவள் எழும்பிப் போனாள்.

கோயிலில் செருகித்தான் வைத்திருந்தாள். நாலரைக்குப் பெட்டி வெளியே வந்தது. பக்கத்து வீட்டுச் சிவரூபன், வின்சன்டுக்கு எப்போதும் குடை பிடிக்கிறவர், இப்போது அவளுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெயிலுக்குத் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றவேண்டியிருந்தது. கமராவும் மடிக்கணினியில்தான் மின்சாரம் குடித்தது. சேமக்காலை வாசலில் அறுபது வீதம். பாதர் செபம் முடிக்கும்போது முப்பத்தொன்று. போதும் என்று நினைத்தாள்.

கயிறு இளகிப் பெட்டி இறங்கத் தொடங்கியது. திரை கறுத்தது.

முப்பத்தொன்றிலிருந்து இறங்கி வரவில்லை. ஒரேயடியாக நின்றது. அவள் பொத்தானை அமத்தினாள், எழும்பவில்லை. நேரடிக் காட்சியைக் கைப்பேசியில் தொடர வின்சன்டின் கணக்குக்குள் போகவேண்டும். கடவுச்சொல்லை இரண்டு தரம் பிழையாக அடித்தாள். கைப்பேசியில் படம் வந்தபோது குழி மூடி, மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் மண் போடவில்லை.

டினேஷ் கோபிக்கவில்லை. "பெட்டி பாதியில நிக்குது அக்கா. எனக்கு இன்னும் அங்கதான் நிக்குது," என்றான்.

அன்றிரவு அறிக்கையை எடுத்தாள். புதிதில் ஐம்பதாயிரம் மில்லிவாட் மணி, இப்போது இருபத்தொன்பதாயிரம். ஐம்பத்தெட்டு வீதம்.

புதன்கிழமை கடைக்கு அழைத்தாள். என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அறிக்கை ஏன் கொடுக்கவில்லை. பரிசோதித்தது என்று ஏன் போட்டீர்கள். ஏழு நாள் இன்னும் முடியவில்லை. எடுத்தவர் இன்ஷாப், கடைக்காரர். கடையின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தபடி பிறந்த ஊர் கிண்ணியா, கடை கொழும்பில். அவள் பற்றுச்சீட்டு எண்ணைச் சொன்னதும் அவர் முந்திக்கொண்டார்.

"வின்சன்ட் ஐயாட மகளா? ஐயா சுகமா?"

அப்பா இறந்ததை அவள் சொன்னாள். பிறகு அவர் சொன்னதெல்லாவற்றையும் அவள் நின்றபடியே கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வின்சன்ட் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போயிருக்கிறார். இன்ஷாபின் வாப்பா வீட்டுத் தெருவில் தேத்தண்ணிக் கடையில் இருந்து, பெடியன் எப்படி, வாக்கு மாறுவானோ என்று நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். அந்த நாலு பேரும் இன்ஷாபுக்கு அழைத்துச் சிரித்திருக்கிறார்கள், யாரோ உனக்குப் பொண்ணு பார்க்கிறாங்க போல என்று. பின்னேரம் வின்சன்டே அழைத்துப் பற்றறி அறிக்கையைக் கேட்டிருக்கிறார். இன்ஷாப் ஒளிக்காமல் அனுப்பியிருக்கிறார், ஐம்பத்தெட்டு என்று. தொடரிலக்கத்தையும் வின்சன்ட் ஒத்துப் பார்த்திருக்கிறார்.

"நான் சொன்னனான் தங்கச்சி, ஐயா, ஏ தரம் உடம்புக்கு மட்டும்தான், பற்றறி பத்தாது எண்டு. தெரியும் எண்டார். மகள் சொன்னவ எண்டார். உடம்பு இதுவா இருக்கட்டும், புதுப் பற்றறி தனியா எடுத்து அனுப்பு, மகள் போட்டுத்தருவா எண்டார். முத்திரையை உடைக்கோணுமே எண்டன். உடைக்கிற அண்டைக்குத் திகதி எழுதிப் படம் அனுப்பினா உத்தரவாதம் நிக்கும் எண்டு ஒத்துக்கிட்டன்."

"பிறகேன் பற்றறி வரேல்ல?"

இன்ஷாப் விளக்கினார்.

"அந்த மொடலுக்குத் திங்கக்கிழமைதான் சரக்கு வரும். ரெண்டையும் சேத்து அனுப்பட்டா எண்டு கேட்டனான். லெப்டொப்பை இப்ப அனுப்பு, நான் பழகோணும் எண்டார். பற்றறி மெதுவா வரட்டும், எனக்குத் தெரிய இந்தக் கிழமை ஒரு சாவும் இல்லை எண்டார்."

அஞ்சலினா தாளை மடித்தாள். எழுதி வைத்த கேள்வி எதுவும் மிஞ்சவில்லை. பிறகு தந்தையின் கைப்பேசியில் அந்த உரையாடலைத் தேடிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. கடைசியாக, சனிக்கிழமை, அவர் தட்டுத்தடுமாறி அடித்த ஒரு வரி: பற்றறியைச் செவ்வாய் நகரத்துக்கு வந்து நானே எடுக்கிறேன், வீட்டுக்கு அனுப்பவேண்டாம், மகளுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

அவள் சொன்னதைத் தான் கேட்டதை அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவளிடம் காட்டிச் சிரிப்பதற்காக இருக்கலாம். இனி அதைக் கேட்க ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலை, இன்ஷாப் அனுப்பிய பார்சல் இலக்கத்தோடு, பற்றறியை எடுக்க அவள் நகரத்துக்குப் போனாள். பார்சல் கந்தோரில் முகப்பில் நின்றவர் இலக்கத்தைப் பார்த்து, தட்டிலிருந்து சப்பாத்துப் பெட்டி அளவில் ஒன்றை இறக்கி வைத்தார். செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, ஐயா ஏன் வரவில்லை என்றார். பெயருக்குரியவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும், அடையாள அட்டையும் வேண்டும் என்றார். தந்தையின் அட்டையை மரணப் பதிவுக்கென்று முந்தினநாள் கொடுத்திருந்தாள். பையைத் திறந்து பதிவுத் துண்டைத் தேடினாள்.

அவர் அதற்குள் பெட்டியில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து அழுத்திவிட்டார்.

"பொறுங்கோ மிஸ், ஐயாட்ட ஒரு சொல் கேட்டிட்டுத் தாறன்."

அவளுடைய பைக்குள் வின்சன்டின் கைப்பேசி அடித்தது.