முன்பக்கம் மூடுகிற ஜாக்கெட்

மலேசியாவின் ஈப்போவில் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பதென்றால் மின்விசிறியை உச்சத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கனடாவுக்கு டிக்கெட் எடுத்த அன்று மாலை, அலமாரியிலிருந்து அதை எடுத்து அப்படித்தான் போட்டுப் பார்த்தேன். ஜிப்பின் அடியில், ஒரு பக்கத்து முனை மறுபக்கத்துக் கூட்டுக்குள் நுழையும் இடத்தில், நாடா நைந்து பிரிந்திருந்தது. முனை பல் மாதிரி ஆடியது. எப்படியோ நுழைத்து, ஜிப்பின் தலையைப் பிடித்து மேலே இழுத்தால், சில பற்கள் ஏறி நிற்கும். பிறகு கீழிருந்து வாய் பிளக்கும்.

மனைவி கனடாவில், மகளின் வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளச் சில மாதங்களுக்கென்று போனவளுக்கு இது இரண்டாவது குளிர்காலம். சென்ற குளிரில் நான் போயிருந்தபோதே இந்த ஜிப் தகராறு தொடங்கிவிட்டது. காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் வெளியே கொஞ்சம் நடக்கலாம் என்று தோன்றும். திறந்த ஜாக்கெட்டோடு வாசலைத் தாண்ட மனைவி விடமாட்டாள். சனிக்கிழமைகளில் மருமகன் என் முன்னால் குனிந்து, குறட்டால் முனையைப் பிடித்து மாட்டிவிடுவார். மற்ற நாட்களில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை நானாகப் போட்டுக்கொண்டு, நானாக வெளியே போய்வர வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீடியோ அழைப்பில் மகள், “தூக்கிப் போடுங்கப்பா, இங்க வந்து புதுசு வாங்கிக்கலாம்,” என்றாள்.

“எப்ப?”

“வீக்கெண்ட்ல எப்படியாச்சும் கூட்டிட்டுப் போறேன்.”

முகம் காட்டாமல் மனைவியின் குரல் மட்டும் கேட்டது: “அதுவரைக்கும் வீட்டுக்குள்ளதானே இருக்கப் போறாரு, என்ன அவசரம்?”

மறுநாள் லிட்டில் இந்தியாவில், ஒரு பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் தைக்கும் அம்மாளிடம் கொண்டுபோனேன். சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வந்துபோகிறவர். “ஜிப் மாத்தணும்” என்று மட்டும் சொன்னேன். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை. பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் நான்; எதற்கு, எங்கே என்பதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போனபோது ஜாக்கெட் தயாராக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ட்ராக் சூட்டுக்குப் போடுகிற மெல்லிய நைலான் ஜிப். ஜாக்கெட்டின் விளிம்பைவிட நீளம் குறைவு. அந்த நீளத்துக்குள் அடங்குவதற்காகத் தடித்த துணி வழி நெடுகச் சுருங்கி நின்றது. நின்றுகொண்டு மூடினேன், மூடியது. முக்காலியில் உட்கார்ந்தேன். வயிற்றுக்கு நேரே பற்கள் விலகி, ஜிப் நடுவில் வாயைத் திறந்தது.

“என்னம்மா இது?”

“ஏன் அண்ணே? மோட்டாருக்குத்தானே?”

“மோட்டாருக்கா?”

“பின்னே? திருப்பிப் போட்டா ஜிப்பு முதுகுல தொறந்துதானே கெடக்கும். எவன் மூடுறான்? சும்மா ஒரு பேருக்கு இருந்தா போதும்லா.” தன் நாற்காலியின் முதுகில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினார். “இந்தா, என்னோடது. ஜிப்பு செத்து எத்தனையோ வருசம் ஆச்சு. நெஞ்சுல காத்து படாம வீடு போய்ச் சேர்றேன்.”

கோபம் வரவில்லை. இந்த ஊரில் மோட்டார்சைக்கிளில் போகிற எல்லோரும் ஜாக்கெட்டை அப்படித்தான், முன்பின்னாக மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். ஜாக்கெட் என்றால் அவருக்கு மோட்டார் நினைவுக்கு வந்தது நியாயம்.

“பனி கொட்டுற ஊருக்கும்மா. முன்பக்கம் மூடணும்.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “பிள்ளைங்க அங்கயா?”

“மகள். வீட்டம்மாவும் அங்கதான்.”

“நீங்க மட்டும் இங்கயா?”

ஆமாம் என்றேன். அவர் மேசைக்கடியில் இருந்த துண்டுத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் பழைய ஜிப்பைத் தேடி எடுத்தார். இருவரும் அதை மேசைமேல் நீட்டிப் பிடித்தோம். அவர் பற்களை மட்டும் அளந்தார். மேலே மிச்சமிருக்கும் நாடாவின் வால் கணக்கில் சேராது. தலையின் பின்புறம் அச்சாகியிருந்த சின்ன எண்ணை நான் கண்ணாடி போட்டுப் படித்தேன்: எட்டு. வார்ப்புப் பிளாஸ்டிக் பற்கள், ஒவ்வொன்றும் தனித்தனி. அடியில் முழுதாகப் பிரிவது.

“இதையே காட்டி வாங்கிட்டு வந்துருங்க அண்ணே. அடி பிரியிறதா இருக்கணும். பாவாடைக்குப் போடுறது மாதிரி அடி மூடினதை வாங்கிறாதீங்க. அப்புறம் தலைவழியாத்தான் மாட்டணும்.”

அடுத்த தெருவில், தையல் சாமான் விற்கும் சீன மூதாட்டி முதலில் பத்தாம் எண்ணைத்தான் நீட்டினார். பார்க்க உறுதியாகத் தெரிந்தது. ஜாக்கெட்டின் விளிம்பில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் கனத்தில் துணி கீழே இழுபட்டது. “பெசார் சங்காட், அங்கிள்” என்று மலாயில், ரொம்பப் பெரியது என்ற பொருளில், சொல்லி அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். ஐந்தாம் எண் மெலிது. எட்டில் என் அளவு இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, நெட்டையிலும் பழுப்பு நிறம் மட்டுமே இருந்தது. ஜாக்கெட் கருநீலம். நெட்டையை வாங்கிக்கொண்டேன்.

தையல் அம்மாள் நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தார். “ஜிப்பு மேல மூடுற துணி இருக்குல்ல, நிறம் தெரியாது. நீளத்தைக் குறைச்சுக்கலாம்.” கீழே முனையும் கூடும் இருப்பதால் அங்கே வெட்ட முடியாது. தலையைக் கீழே இறக்கிவிட்டு, மேலே மிகுந்த பற்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசிப் பல்லுக்கு மேல், இரு பக்கமும் ஒரு சிறு உலோகத் துண்டை வைத்து அழுத்தினார். அது இல்லாவிட்டால் தலை மேலே ஓடிக் கையோடு வந்துவிடும். ஒரு பக்கத்தைத் தைத்தபின் ஜிப்பை மூடி, பைக்கு நேராகவும் கழுத்துப் பட்டைக்கு நேராகவும் மறுபக்க நாடாவில் சுண்ணக் கோடு போட்டார். பிறகு திறந்து, கோட்டுக்குக் கோடு வைத்து அந்தப் பக்கத்தைத் தைத்தார்.

“போடுங்க.”

போட்டேன். மதிய வெயில் தெருவில் நின்றது. பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, கேமரன் மலையில பனி பெய்யுதா?” என்றார்.

“நீங்க உங்க சட்டியப் பாருங்க” என்றார் தையல் அம்மாள். என் பக்கம் திரும்பி, “உக்காருங்க. எந்திரிங்க. கையத் தூக்குங்க.” விளிம்பு சுருங்கவில்லை, அலை பாயவுமில்லை. திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னார். முனை ஒரே தடவையில் கூட்டுக்குள் போய் உட்கார்ந்தது. மறுபடியும் மாட்டினேன். மூன்றாவது தடவைக்கு அவர், “போதும் அண்ணே, வேர்த்துக் கொட்டுது” என்று சிரித்தார். அந்த வாரத்தில் யாராவது என் முன்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே நேரம் அது என்று பேருந்தில் திரும்பும்போது தோன்றியது.

கனடாவில் முதல் திங்கட்கிழமை, மகளும் மருமகனும் போனபின், மனைவி பேரனைத் தூங்க வைக்க மேலே போனாள். வாசலில் நின்று ஜாக்கெட்டை மாட்டினேன். முனை நுழைந்தது. தலையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

“நான் கொஞ்சம் நடந்துட்டு வாரேன்” என்று மேலே பார்த்துச் சொன்னேன்.

“மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் கண்ணசந்தான்” என்றாள். ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

தெருவின் இருபுறமும் கதவுகள் சாத்தியிருந்தன. கார்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தன. ஒரு வீட்டின் முன்னால் யாரோ பனியைத் தள்ளிக் குவித்திருந்தார்கள், தள்ளியவர் இல்லை. மார்பில் காற்று படவில்லை. தெருமுனை வரை நடந்தேன். அங்கே ஒரு பேருந்து நிறுத்தமும் காலியான பெஞ்சும் இருந்தன. பனியைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ஜிப் விலகவில்லை. இரண்டு பேருந்துகள் வந்து, எனக்காக நின்று, கதவைத் திறந்தன. ஏறவில்லை என்று கைகாட்டினேன்.