கண்ணாடி அக்கா கொடுத்த நோட்டீஸ்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அன்று வக்கீல் ஆபீசில் அவள் துடைத்த துடைப்பில் லென்ஸே தேய்ந்திருக்கும்.

தெருவில் அவளுக்குக் 'கண்ணாடி அக்கா' என்றுதான் பேர். ஒன்பது வருஷம் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பிறகு ஒரு பெரிய கம்பெனி வந்து, "எங்க பேர்ல நடத்துங்க, சரக்கும் விளம்பரமும் எங்க பொறுப்பு" என்றது. கையெழுத்துப் போட்டாள். வாசலில் நீலப் போர்டு ஏறியது. பதினோரு வருஷம் மாடாய் உழைத்தாள். போன வருஷம் கம்பெனி இரண்டு தெரு தள்ளித் தன் சொந்தக் கடையைத் திறந்தது. கேட்டால் ஏரியா மேனேஜர் பல்லைக் காட்டினான்.

"உங்க ஏரியாவுல வேற கடை வராதுன்னு ஒப்பந்தத்துல எங்கயும் எழுதலையே மேடம்."

எழுதவில்லைதான். அவன் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அக்கா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதென்று தீர்மானித்தாள்.

வக்கீல் அம்மாள் ஒப்பந்தத்தைப் புரட்டிப் புரட்டி நோட்டீசைத் தயாரித்தார். முடிவுத் தேதிக்குத் தொண்ணூறு நாள் முன்னால், கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போக வேண்டும். பிரிக்காத சரக்கை, அக்கா வாங்கிய விலைக்கே கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், பட்டியல் இணைப்பில். போர்டு கடைசி நாள் வரை இருக்கும், பிறகு ஏழு நாளில் அக்கா செலவில் இறங்கும். ஆர்டர் கொடுத்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி கொடுத்து முடிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குள் இந்தத் தொழில் செய்யக் கூடாது. பழைய வாடிக்கையாளரை நாமாகக் கூப்பிடவும் கூடாது. அவர்களாக வந்தால் தடையில்லை.

"அதுபோதும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ரூம் பாத்துட்டேன். அஞ்சு கிலோமீட்டர். என் நம்பர் எல்லார்கிட்டயும் இருக்கு. அவங்களே கூப்பிடுவாங்க" என்றாள் அக்கா.

வக்கீல் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "கடைத் தொலைபேசி எண், ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனிக்குச் சேரும்" என்று அச்சில் இருந்தது. அதற்கு நேராக அக்காவின் கையெழுத்தில் அவளுடைய சொந்த எண்.

"இதை ஏம்மா எழுதினீங்க?"

"புது நம்பர் தர்றோம்னுதான் சொன்னாங்க. நான்தான் பழைய ஆளுங்க தவிச்சுப் போவாங்கன்னு அடம்பிடிச்சு என் நம்பரைக் குடுத்தேன்."

அப்போதுதான் அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

எண் ஒப்பந்தத்துக்கு முன்பிருந்தே அவளுடையது, அதை அவளிடமே விட்டுவிட வேண்டும் என்று வக்கீல் நோட்டீசில் ஒரு பத்தி சேர்த்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. நோட்டீஸ் ஏற்கப்பட்டது. எண் மாற்றித் தரப்படாவிட்டால் சரக்குக் கணக்கு முடிக்கப்பட மாட்டாது. வழக்குப் போடலாம் என்றார் வக்கீல், முடிய வருஷக்கணக்காகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதுவரை அந்த ஃபிரேம்களை யார் தலையில் கட்டுவது? அக்கா பணிந்தாள்.

கடைசி நாளன்று மேனேஜர் ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்தான். நிறுத்தப்பட்ட மாடல் என்று நாற்பத்துமூன்றை ஒதுக்கினான். காதில் மாட்டும் காம்பில் கம்பெனி பேர் இருப்பதால் அவற்றை அக்காவும் விற்க முடியாது. இரண்டு பேர் ஏணி போட்டுப் போர்டை இறக்கினார்கள். பிறகு அக்கா தொலைபேசி நிறுவனத்தின் கவுண்டரில் அடையாள அட்டையை நீட்டி, தன் எண்ணைக் கம்பெனி பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். கவுண்டரில் இருந்தவர் சேவை எப்படி இருந்தது என்று மதிப்பெண் வேறு கேட்டார்.

புது அறை திறந்து நாற்பது நாளில் வந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். ஒரு மத்தியானம் நான் போனபோது அக்கா தன் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா?"

"நம்மாளுங்க கூப்பிட்டா என்னதான் சொல்றாங்கன்னு பாப்போம்டா" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் ஒழுகியது. பேரும் பிறந்த தேதியும் கேட்டாள். அக்கா மறைக்காமல் சொன்னாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. சேர்ந்த புதிதில் அக்கா தன் பழைய நோட்டுகளையெல்லாம் ராத்திரி பகலாகக் கம்பெனிக் கணினியில் ஏற்றியிருந்தாள். தன் கண் பவரையும் சேர்த்து.

"மேடம், நீங்க இருபது வருஷமா நம்ம கஸ்டமர்! ரொம்பப் பழைய ஆளு. கண் செக் பண்ணி ரெண்டு வருஷமாச்சு. நாளைக்கு வர்றீங்களா? உங்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி இருக்கு."

"முன்னாடி அங்க ஒரு அம்மா இருந்தாங்களே?"

"அப்படி யாரும் எங்க ரெக்கார்டுல இல்லையே மேடம்."

அக்கா போனை மேசைமேல் வைத்தாள். நான் அந்தப் பெண்ணையும் கம்பெனியையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவள் கையமர்த்தினாள்.

"அவளைத் திட்டாதடா. நல்லா பேசுறா. பதினோரு வருஷத்துல நான் ஒருத்தர்கிட்டயாவது இவ்வளவு மரியாதையா பேசியிருப்பேனா?"