வினோலியா சுத்தம் செய்த படங்கள்

பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் கோரமண்டல் லைன் வீடுகளில் யாருக்காவது ஆதார் கார்டைப் படமெடுத்து எங்கேயாவது அனுப்ப வேண்டியிருந்தால், வினோலியாவின் கண்ணில் படாமல் அனுப்பிவிடுவது உத்தமம். பட்டுவிட்டால் போச்சு. போனைப் பிடுங்கிப் பார்ப்பாள். உதட்டைச் சுழிப்பாள். "இது இன்னா, கார்டா, கருவாடா? மூலை எங்க? ஒரு மூலை உங்க கட்டைவிரலுக்கு அடியில கீது. இதை அனுப்பினா நானே ரிஜெக்ட் பண்ணுவேன்" என்பாள்.

அவள் சொன்னது வெறும் பேச்சில்லை, உண்மையிலேயே அதுதான் அவள் வேலை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, பாங்குக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஜனங்கள் அனுப்பும் பாஸ்புக், ரேஷன் கார்டு, மரணச் சான்றிதழ் எல்லாவற்றின் படங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். நாலு மூலையும் தெரிகிறதா, நிழல் விழுந்திருக்கிறதா, எழுத்து கலங்கியிருக்கிறதா, விரல் குறுக்கே வந்திருக்கிறதா. ஒன்பது வருஷமாக இதே வேலை. ஒரு நாளைக்கு எழுநூறு படம் பார்த்து அதில் இருநூறைத் திருப்பியடிப்பாள். திருப்பியடிப்பதில் அவளுக்கு ஓர் ஆனந்தம் இருந்தது. அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஒரு தாளை நேராகப் படமெடுக்கத் தெரியாத நாட்டில் எதுதான் உருப்படும் என்று அவளுக்கு மனப்பூர்வமான சந்தேகம்.

விடியற்கால வண்டியைப் பிடிக்க நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். திரும்பி வர ராத்திரி எட்டரை. வாரத்தில் ஆறு நாள் இப்படி. மகள் மரியாவுக்குப் பத்து வயது. அம்மா போகும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள், வரும்போது பாதித் தூக்கத்தில் இருப்பாள். புருஷன் டென்சில் ஊருக்குள்ளேயே ஆட்டோ ஓட்டுகிறவன். பெண்ணை ஸ்கூலில் விடுவது, அழைத்து வருவது, சோறு போடுவது எல்லாம் அவன் பாடு.

மரியா வாரத்துக்கு இரண்டு மூன்று படமாவது வரைவாள். ஸ்கூலில் கொடுத்த தாள், நோட்டில் கிழித்த தாள், காலண்டரின் பின்பக்கம், எதையும் விடமாட்டாள். அன்றன்றைக்கு நடந்ததைத்தான் வரைவாள். ஸ்கூல் கேட்டில் மாடு படுத்தது, டாடியின் ஆட்டோ பங்சரானது, மழையில் கரண்ட் போனது. வினோலியாவுக்கு மகளின் நாட்கள் எப்படிப் போகின்றன என்பது இந்தத் தாள்களில்தான் தெரியும். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அன்றைய தாளை ஒரு பார்வை பார்த்து, "நல்லா கீது" என்று கட்டிலுக்கடியிலிருந்த சின்ன அரிசிச் சாக்கில் போடுவாள். அவளிடம் மகளைப் பற்றி இருந்த சொத்து அந்தச் சாக்குதான். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று.

மூன்றாவது சாக்கில் கரையான் ஏறிவிட்டது. வீடே இரண்டு அறைதான், கூரை தகரம். "எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று டென்சில் கேட்டான். வினோலியா அவனைப் பார்த்த பார்வையில் ஆட்டோவே பற்றிக்கொண்டிருக்கும்.

"நான் படமெடுத்து வெச்சிக்கறேன். ஒரு தாள் பாக்கியில்லாம."

"நான் வேணா கொஞ்சம் எடுத்துத் தரட்டா?"

"நீங்களா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் டென்சிலின் படமெடுக்கும் ஆசை அடங்கிப்போனது. மரியாவின் பிறந்தநாள் கேக்கை எடுக்கப்போய் மின்விசிறியை எடுத்தவன் அவன்.

பள்ளி வாட்ஸப் குழுவில் மற்ற அம்மாக்கள் போடும் படங்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. தரையில் சார்ட்டைப் போட்டு நின்றுகொண்டே எடுத்த படங்கள், கீழே இரண்டு கால் கட்டைவிரல்கள். டியூப்லைட் பளிச்சென்று நடுவில் அடித்த படங்கள். பிள்ளை செய்த எரிமலை மாடலுக்குப் பக்கத்தில் குழம்புச் சட்டி. "இவங்களுக்கெல்லாம் போன் எதுக்கு?" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரியாவையும் டென்சிலையும் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் வீட்டில் தங்கினாள். கட்டிலை வாசற்கதவருகே இழுத்து, கறுப்புப் போர்வை விரித்தாள். வெயில் நேராக விழாத வெளிச்சம் வேண்டும், தாளின் விளிம்பு தெரிய அடியில் கறுப்பு வேண்டும். மடிந்த தாள்களை முந்தின இரவே மெத்தைக்கடியில் வைத்து நீவியிருந்தாள். பிளாஷ் போடவில்லை. போனைத் தாளுக்கு மேலே சாயாமல் பிடித்தாள். மரியா ஸ்கூலுக்குச் செய்த தெர்மகோல் வீட்டை மூன்று பக்கமும் எடுத்தாள், நீர்ச்சுழற்சி சார்ட்டை முழுசாக ஒன்றும் எழுத்து தெரியக் கிட்டத்தில் இரண்டுமாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் மரியாவின் பெயர், வகுப்பு, தேதி. இதற்குக் குறை சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் அவள் எடுத்தது கேமராவில் இல்லை, ஆபீஸில் எல்லோரும் வைத்திருக்கும் ஸ்கேன் ஆப்பில். அது தாளின் நாலு மூலையையும் தானே கண்டுபிடித்து வெட்டும். அழுக்கு, பழுப்பு, லேசான கோடு எல்லாவற்றையும் வெளுத்து, நிறங்களைப் பளிச்சென்று ஏற்றிக் காட்டும். பழுத்துப்போன தாளெல்லாம் புதுப் புத்தகத்தின் பக்கம் மாதிரி ஆயின. மரியாவின் சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக நின்றது. வினோலியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சில படங்களில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ மிச்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. ரப்பரால் சரியாக அழிக்காத பென்சில் கோடு. 'இந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா அழிக்கக்கூட வராது' என்று அலுத்துக்கொண்டு, கறை நீக்கும் பொத்தானைத் தட்டி, விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். தேய்க்கத் தேய்க்கத் தாள் வெள்ளை வெளேரென்று ஆயிற்று.

முன்னூற்று நாற்பது தாள். மதியத்துக்குள் முடித்தாள். வருஷத்துக்கு ஒரு பைல் என்று கட்டிச் சேமித்தாள். போனில் இடமில்லாததால் ஆப்பிலிருந்த திருத்தாத படங்களை அழித்தாள், குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். அதுவும் ஆபீஸ் பழக்கம்தான். வேலை முடிந்தால் மூலப்படம் இருக்கக்கூடாது.

சர்ச்சிலிருந்து வந்த டென்சிலிடம் சாக்குகளைக் காட்டினாள். "பேப்பர்காரனுக்குப் போடாதீங்க. பேர், ஸ்கூலு, ரோல் நம்பரு எல்லாம் கீது. எவன் கையில போவுமோ. எரிச்சிடுங்க."

டென்சில் சொன்னதைச் செய்கிறவன். எரிப்பதை வீணாகவும் செய்யமாட்டான். டிசம்பர் குளிரில் அவளுக்கு விடியற்காலையில் வெந்நீர் வேண்டும். கொல்லையில் அடுப்பு மூட்ட விறகுக்கடியில் அந்தத் தாள்களைச் செருகினான். தினம் ஒரு கட்டு.

அந்த வாரம் முழுக்க வினோலியா ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் போனை நீட்டினாள். பாராட்டு நிறையக் கிடைத்தது. "எப்படிங்க இவ்ளோ கிளியரா?" என்று கேட்ட ஒருத்திக்கு மாலூர் ஸ்டேஷன் வரும் வரை பாடம் எடுத்தாள்.

மறு ஞாயிறு மத்தியானம் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "பாரு, உன் படமெல்லாம். காலத்துக்கும் அழியாது."

மரியா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து தள்ளியதும் நின்றாள்.

"இதுல நீ எங்க மம்மி?"

"நான் இங்கதான கீறேன்."

"படத்துல. ஆட்டோ பங்சர் ஆச்சே, அதுல டாடிக்குப் பக்கத்துல நீ நின்னுனு இருந்த." திரும்பத் தள்ளினாள். "கரண்ட் போனதுலயும் இல்ல. ஸ்கூல் டேலயும் இல்ல."

"நான் ஸ்கூல் டேக்கு வரவே இல்லையே."

"நான் போட்டேனே. எல்லாத்துலயும் உன்னை ஓரமா போடுவேன். பென்சில்ல, லேசா."

வினோலியா ஆள்காட்டி விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு லேசா? மத்தவங்களையெல்லாம் ஸ்கெட்ச்சுல அழுத்திப் போட்டுக்கீறியே?"

"நீ இன்னா டிரஸ் போட்டுனு போனன்னு எனக்குத் தெரியாதே. நீ போவும்போது நான் தூங்கினு இருப்பேன். வந்தா நைட்டியில கீற. தப்பா கலர் அடிச்சிட்டா?" மரியா மிகப் பொறுமையாகச் சொன்னாள், மக்குப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது போல. "ஞாயித்துக்கிழமை உன்னைக் கேட்டுட்டு அடிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"கேக்கறதுதான?"

"கேட்டேன். அப்புறம்னு சொன்ன."

கேட்டிருப்பாள். எத்தனை ஞாயிறு துணிக்கல்லில் நின்றுகொண்டு 'அப்புறம்' என்று சொல்லியிருப்பாளோ. வினோலியா எழுந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். சாக்குகள் மூன்றும் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. நேர்த்தியான மடிப்பு.

"ஏங்க! பேப்பர் மிச்சம் ஏதாச்சும் கீதா? ஒண்ணு ரெண்டாவது?"

டென்சில் கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தான். "நேத்தே முடிஞ்சிடுச்சு. ஆறு நாளா உனக்கு வெந்நீர் அதுலதான். ஏன், இன்னா ஆச்சு?"

எதிரில் கண்ணாடி இருந்திருந்தால் வினோலியா அதில் தெரிந்தவளை ரிஜெக்ட் என்று திருப்பியடித்திருப்பாள். மூலை தெரிகிறதா என்று பார்த்தாள், நிழல் இருக்கிறதா என்று பார்த்தாள். தாளில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நின்றுகொண்டு கால் விரலோடு படமெடுத்த எந்த அம்மாவும் தன்னைத் தானே தேய்த்து எடுக்கவில்லை. டென்சில் எடுத்திருந்தால் சாய்ந்திருக்கும், இருண்டிருக்கும், பாதி மின்விசிறியாக இருந்திருக்கும். ஆனாலும் மீதிப் பாதியில் அவள் இருந்திருப்பாள். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"நீ வேணும்னா மறுபடி போடு செல்லம். இப்பவே கேளு, சொல்றேன். ஸ்கூல் டே அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். ஸ்கூல் டே எந்த மாதம் நடந்தது என்றே நினைவுக்கு வரவில்லை.

"விடு மம்மி" என்றாள் மரியா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலை வினோலியா குளித்து, உடுத்தி, பையை மாட்டிக்கொண்டு மகளின் படுக்கையருகே வந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விளக்கைப் போட்டு மரியாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாப்பா, எழுந்திரு. ஒரு நிமிஷம் கண்ணைத் தெறந்து பாரு. இன்னிக்கி பச்சை. பச்சை சுடிதார், வெள்ளை துப்பட்டா. நல்லா பாத்துக்கோ."

மரியா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்தாள். எதிரில் நின்றவளைப் பார்த்தாள்.

"ஸ்கூலு கீது மம்மி. லைட்டை ஆஃப் பண்ணு" என்று சொல்லிவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.